மிதவை விட்டு வாய்க்கால் தண்ணீரை அளப்பது: கேள்வி பதில்

தஞ்சைப் பக்கத்துக் கடைமடை விவசாயி: எங்கள் பிரிவு வாய்க்காலில் ஆரஞ்சுப் பழம் விட்டுப் பார்த்தேன். 20 மீட்டர் தூரத்தை 39, 41, 40 விநாடிகளில் கடந்தது, ஒரு முறை மட்டும் 58. தண்ணீர் அகலம் 3 மீட்டர். அரை மீட்டருக்கு ஒரு இடமாக ஆழம் 35, 55, 60, 55, 35 செ.மீ. கணக்கில் 21 கன அடி வருகிறது. மதகில் 20 விடுவதாகச் சொல்கிறார்கள், பொருந்தித்தான் போகிறது. ஆனால் வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லையே?

பதில்: 58-ஐ விட்டுவிடுங்கள், பழம் கரைப் புல்லில் ஒதுங்கியிருக்கும். மற்ற மூன்றின் சராசரி 40 விநாடி, அதாவது விநாடிக்கு அரை மீட்டர். ஐந்து ஆழங்களையும் கூட்டினால் 2.40, அதை 0.5 ஆல் பெருக்கினால் பரப்பு 1.20 சதுர மீட்டர். இதுவரை உங்கள் கணக்கு சரிதான்.

ஆனால் பழம் ஓடியது மேல் தண்ணீரில், அதுவும் நடுவில். வாய்க்காலிலேயே வேகமான இடம் அதுதான். அடித்தரையும் கரைகளும் மற்ற தண்ணீரைப் பிடித்து இழுக்கின்றன. ஆழம் குறையக் குறைய அந்த இழுப்பின் பங்கு கூடும். அமெரிக்க அரசின் நீர்ப்பாசன அமைப்பு (யூ.எஸ்.பி.ஆர்.) மிதவை வேகத்தைப் பெருக்க வேண்டிய எண்ணாகத் தன் கையேட்டில் சராசரி ஆழம் 1 அடிக்கு 0.66, 2 அடிக்கு 0.68, 3 அடிக்கு 0.70 என்று ஏற்றிக்கொண்டே போய் 20 அடிக்கு மேல் 0.80 தருகிறது. உங்கள் சராசரி ஆழம் 40 செ.மீ., ஒன்றேகால் அடிக்குச் சற்று மேல். 0.67 வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் 0.335 மீட்டர், தண்ணீர் விநாடிக்கு 402 லிட்டர். கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் ஏறக்குறைய 14. திருத்தாமல் விட்டதால்தான் 21 ஆகத் தெரிந்தது.

பொறியியல் மாணவர்: எங்களுக்கு 0.85 என்றுதான் சொல்லித் தந்தார்கள். அதை வைத்தால் 18 வருகிறதே?

பதில்: 0.85 தப்பில்லை, ஆனால் அது வேறு கேள்விக்கான விடை. ஒரே இடத்தில் நேர்க்கீழாகப் பார்த்தால், மேலுள்ள வேகத்துக்கும் அந்த இடத்தின் மேலிருந்து கீழ் வரையிலான சராசரிக்கும் உள்ள விகிதம் சுமார் அது. ஆற்றை அகலவாக்கில் பல துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனி மிதவை விட்டால் பொருந்தும். இங்கே நடுவில் விட்ட ஒரே பழத்தின் வேகத்தை வைத்துக் கரையோரத் தண்ணீரையும் கணக்கிடுகிறோம். அந்தக் கரை மெதுவையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். ஆழமில்லாத மண் வாய்க்காலில் நான் 0.85 பக்கமே போகமாட்டேன்.

இன்னொருவர்: என் போர்வெல் குழாயில் எவ்வளவு வருகிறது என்பதை இப்படிப் பார்க்கலாமா?

பதில்: அதற்கு மிதவையே வேண்டாம். 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 20 விநாடி என்றால் விநாடிக்கு 10 லிட்டர், முடிந்தது.

கீழ்பவானிப் பாசன விவசாயி: பிரதான வாய்க்காலில் தெர்மாகோல் துண்டு விட்டோம், காற்றடித்ததும் ஓரமாய்ப் போய்விட்டது. தேங்காய் சரிப்படுமா?

பதில்: தெர்மாகோல் கிட்டத்தட்ட முழுக்க நீருக்கு மேலே நிற்பதால் தண்ணீர் வேகத்தோடு காற்று வேகத்தையும் சேர்த்துச் சொல்லும். காய்ந்த தேங்காயும் ஓரளவு வெளியே தெரியும். கழுத்து மட்டும் தெரியும்படி மணலும் தண்ணீரும் நிரப்பிய பாட்டில் நல்லது. தொடக்கக் கோட்டுக்குச் சில மீட்டர் மேலேயே போடுங்கள், ஓட்டத்தின் வேகத்தைப் பிடிக்க அதற்கு இடம் வேண்டும். வளைவும் மதகும் இல்லாத நேரான பகுதியாக இருக்கட்டும். உங்களுடையது பெரிய வாய்க்கால், ஒரு மிதவை போதாது. அகலத்தைப் பிரித்துத் தனித்தனியாக விடுங்கள். ஆழம் பார்க்க இறங்க வேண்டாம், பாலத்திலிருந்து எடை கட்டிய கயிறு விடுங்கள்.

கடைமடை விவசாயி: அப்படியானால் 6 கன அடியை மேலே யாரோ எடுக்கிறார்கள் என்று மனு கொடுக்கலாமா?

பதில்: இதை மட்டும் வைத்துக் கொடுக்காதீர்கள். கவனமாகச் செய்தாலும் இந்த முறையில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பிழை சாதாரணம். வழியில் மண்ணும் தண்ணீரைக் குடிக்கும். மதகுக்குக் கீழே ஒன்று, உங்கள் இடத்தில் ஒன்று என ஒரே நாளில், மட்டம் மாறாத நேரத்தில் இரண்டு அளவு எடுங்கள். ஆழமும் கரையின் தன்மையும் ஒத்திருந்தால் 0.67 சற்றுப் பிசகினாலும் இரண்டிலும் ஒரே மாதிரிப் பிசகும், வித்தியாசத்தின் விகிதம் நிற்கும்.

கடைமடை விவசாயி: மதகுப் பக்கம் சுத்தமான கரை. எங்கள் பக்கம் கோரையும் ஆகாயத்தாமரையும்.

பதில்: அங்கேதான் சிக்கல். செடி மண்டிய இடத்தில் எந்த எண் பொருந்தும் என்பதில் அளப்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 0.67-க்கும் கீழே போகலாம், எவ்வளவு என்பது அந்த இடத்தைப் பொறுத்தது. பக்கத்தில் அளவுகோல் பொருத்திய அளவிடும் தொட்டி இருந்தால், அதில் வரும் அளவை உங்கள் திருத்தாத மிதவைக் கணக்கால் வகுத்து அந்த வாய்க்காலுக்கென்றே ஒரு எண் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 20 மீட்டருக்காவது கோரையை அறுத்துவிட்டு, ஆழத்தையும் மறுபடி அளந்து மிதவையை விடுங்கள்.