கட்டிவைத்த நாணயம் பத்திரமா? எண்ணெய் விலை சரிந்தபோது நடந்தது

கேள்வி: என் சேமிப்பில் பாதி, டாலரோடு விகிதம் கட்டிவைக்கப்பட்ட ஒரு நாணயத்தில் இருக்கிறது. மீதி, தினமும் ஏறி இறங்கும் நாணயத்தில். கட்டிவைத்ததுதான் பத்திரம் என்கிறார்கள். எல்லாவற்றையும் அதற்கே மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். அதிர்ச்சி வந்தால் இரண்டு வகை நாடுகளுமே அடி வாங்கும். எங்கே வலிக்கும் என்பதுதான் வேறுபடும். 2014-இல் எண்ணெய் விற்றுப் பிழைக்கும் இரண்டு நாடுகள் மேல் ஒரே அடி விழுந்தது. அதை வைத்தே பார்ப்போம்.

அந்த ஜூனில் சுமார் 110 டாலருக்கு விற்ற ஒரு பேரல் கச்சா எண்ணெய், வருடக் கடைசியில் 60-க்கும் கீழே போனது. சவூதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75 என்றே நிற்கிறது. ரஷ்யா அந்த நவம்பரில் ரூபிளை மிதக்க விட்டது; 35 ரூபிள் அளவில் இருந்த டாலர் 60-ஐ நெருங்கியது. சரி, பேரல் 60 டாலர் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். ரஷ்யாவுக்கு 3,850 ரூபிள் வந்த இடத்தில் 3,600 வந்தது. சவூதிக்கு 412 ரியால் வந்த இடத்தில் 225 தான் வந்தது.

ரஷ்ய அரசின் வரவில் விழ வேண்டிய ஓட்டையைப் பெருமளவு நாணயச் சரிவே அடைத்துவிட்டது. ஆனால் அதற்கான விலையை மக்கள் கடையில் கொடுத்தார்கள்: 2015-இல் பணவீக்கம் 13 சதவீதத்தை ஒட்டி இருந்தது. சவூதியில் கடை விலை பெரிதாக அசையவில்லை. அங்கே கரைந்தது அந்நியச் செலாவணிக் கையிருப்பு. 70,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது, 2017-இல் 50,000 கோடிக்கும் கீழே வந்தது. ஒப்பந்ததாரர்களுக்குப் பாக்கி நின்றது. 2016 செப்டம்பரில் அரசு ஊழியர்களின் படிகளில் கைவைத்தார்கள்.

முதலீடு வெளியேறும் அதிர்ச்சி வேறு மாதிரி. மிதக்கும் நாணயம் அங்கே முழுக் கவசம் ஆகாது. பொருளாதாரத் தடைகளும் சேர்ந்துகொள்ள, பணம் ரஷ்யாவை விட்டு ஓடியது. 2014 டிசம்பர் 16 அன்று மத்திய வங்கி வட்டியை ஒரே இரவில் 10.5-இலிருந்து 17 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டியதாயிற்று. கட்டிவைத்த நாட்டுக்கோ வட்டியைத் தன் இஷ்டத்துக்கு வைக்கும் சுதந்திரமே குறைவு. 2015 டிசம்பரில் அமெரிக்கா வட்டியை ஏற்றியபோது, எண்ணெய் வருமானம் சரிந்துகொண்டிருந்த சவூதியும் கூடவே ஏற்றியது.

உங்கள் நாணயத்தின் கட்டு தளர்கிறதா என்பதை அன்றாட விகிதத்தில் பார்க்க முடியாது. அது உடையும் நாள் வரை அப்படியே நிற்கும். ஓராண்டு கழித்துக் கொடுக்கும் டாலருக்கு இன்று பேசும் ஃபார்வர்ட் விலையைப் பாருங்கள். 2016 ஜனவரியில் ரியாலுக்கு அது 3.75-ஐ விட்டு நன்றாகவே விலகியது. ஆனாலும் கட்டு உடையவில்லை. காரணம், கையிருப்பு அவ்வளவு பெரிது. அதனால் கையிருப்பு எத்தனை மாத இறக்குமதிக்குப் போதும், மாதாமாதம் கரைகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போதைக்கு, அடுத்த ஓரிரு வருடங்களில் செலவாகும் பணத்தை, செலவு எந்த நாணயத்தில் வருமோ அதிலேயே வையுங்கள். மீதியைப் பிரித்தே வைத்திருங்கள். அப்புறம், விகிதம் மாறாது என்ற தைரியத்தில் டாலரில் கடன் மட்டும் வாங்காதீர்கள். சம்பளம் எந்த நாணயமோ, கடனும் அதிலேயே இருக்கட்டும்.