சிதறிக் கிடக்கும் பாடக்குறிப்புகளை ஒரே தொகுப்பாக்குவது: கேள்வி பதில்

ஜார்ஜ் டவுனில் இருந்துகொண்டு தனியார் கல்லூரிகளுக்கும் மாலை வகுப்புகளுக்கும் பாடத்தொகுப்பு தயாரித்துக் கொடுக்கிறேன். வேலை முழுக்க வேர்டில்தான். கேட்டவர்களுக்கெல்லாம் நன்றி. என் வேலைக்குள் வருவதற்கு விரிவாகவும், வராததற்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

பட்டர்வொர்த் டீச்சர்: பாலர் பள்ளி ஆசிரியர் சான்றிதழ் வகுப்புக்கு மூன்று பேர் எழுதிய பன்னிரண்டு நோட்ஸ் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஒட்டிவிட்டேன். இனி எண்களை எப்படிச் சரிசெய்வது அக்கா?

ஒட்டியதை அப்படியே ஓரமாக வைத்துவிடுங்கள் டீச்சர். முதலில் ஒரு தாள், ஒரு பேனா. உங்களுடையதைப் போலவே ஒரு தொகுப்பு என்னிடம் வந்தது, அதையே சொல்கிறேன்.

குழந்தை வளர்ச்சி பற்றிய பாடம், 14 வாரம். 7ஆம் வாரமும் 14ஆம் வாரமும் மீள்பார்வை, அதற்கு நோட்ஸ் கிடையாது. ஆக 12 நோட்ஸ். ஒருவர் வார எண் போட்டிருந்தார். இன்னொருவர் ஒவ்வொரு தாளிலும் 1 என்று புதிதாகத் தொடங்கியிருந்தார். மூன்றாமவர் எண்ணே போடவில்லை. எண்ணிப் பார்த்தால் ‘படம் 1’ ஐந்து இடத்தில் இருந்தது, ‘பயிற்சி 4’ இரண்டு இடத்தில். அதற்கு முந்தைய செமஸ்டர் தேர்வுத்தாளில் ‘பயிற்சி 4-ஐ அடிப்படையாகக் கொண்டு விடையளி’ என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. பாதி வகுப்பு ஒரு பயிற்சியை நினைத்து எழுத, மீதிப் பாதி இன்னொன்றை நினைத்து எழுதியது. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்கள்.

தாளில் மூன்று நெடுவரிசை போட்டேன்: பழைய தாள், அதில் இருப்பது, அது போகவேண்டிய இடம். நிரப்பி முடித்தபோது 12 தாளும் ஐந்து அலகாக அடங்கின. 9ஆம் தாளின் முதல் பாதி மொழி வளர்ச்சி, அது 3ஆம் அலகுக்குப் போனது. இரண்டாம் பாதி விளையாட்டு, அது 5ஆம் அலகுக்கு. குழந்தையின் அறிவு வளர்ச்சிக்குப் பியாஜே சொன்ன நான்கு நிலைகளை இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பிறப்பு முதல் இரண்டு வயது வரையிலான முதல் நிலையை ஒருவர் ‘புலனியக்க நிலை’ என்கிறார், மற்றவர் ‘உணர் இயக்கப் பருவம்’ என்கிறார். இரண்டையும் விட்டுவைத்தால் மாணவர் இரண்டு வெவ்வேறு நிலை என்று மனப்பாடம் செய்துவிடுவார். இதை நான் முடிவு செய்ய முடியாது. மூவரையும் உட்காரவைத்து ஒரு சொல்லை எடுக்கச் சொன்னேன், அரை மணி நேரம் ஆனது. அப்புறம்தான் கணினியைத் திறந்தேன்.

ஐந்து அலகுக்கும் ஒரே வரிசை: நோக்கம், பாடம், பயிற்சி, சுயமதிப்பீடு. விடைகள் எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில். ஓர் அலகில் சுயமதிப்பீடு இல்லையென்றால் அந்த இடத்தை மறைக்காமல், எழுதியவரிடம் கேட்டு வாங்கினேன்.

அந்த மூன்று நெடுவரிசை அட்டவணையைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய நோட்ஸ் வைத்திருக்கும் மாணவர்களுக்கும், பழைய எண்ணைச் சொல்லும் ஸ்லைடுகளுக்கும் அதுதான் வழிகாட்டி. தொகுப்பின் கடைசிப் பக்கத்தில் அதையே அச்சிட்டோம்.

செந்தூல் தம்பி: அலகு, உட்தலைப்பு எண்களைத் தானாக வரவைப்பது எப்படி? நான் தட்டிய எண்ணும் தானாக வரும் எண்ணும் சேர்ந்து ‘2.4 3.2’ என்று நிற்கிறது.

கையால் எண் தட்டாதீர்கள் தம்பி. இன்று நான் சொல்வதில் இதுதான் முக்கியம்.

முதலில் View பட்டியலில் Navigation Pane-ஐத் திறந்து பாருங்கள். பன்னிரண்டு தாளை ஒட்டியும் அந்தப் பக்கப் பலகை காலியாக இருந்தால், உங்கள் தலைப்பு எதுவும் தலைப்பு இல்லை. எழுத்தைப் பெரிதாக்கித் தடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வேர்டுக்கு அது சாதாரணப் பத்தி. அலகுத் தலைப்புக்கு Heading 1, உட்தலைப்புக்கு Heading 2 என்று ஒவ்வொன்றாகக் கொடுங்கள். நூறு தலைப்பு இருந்தாலும் ஒரு மாலைப்பொழுது வேலைதான்.

பிறகு Multilevel List பட்டியலில் Define New Multilevel List. அதில் More-ஐ அழுத்தி, முதல் நிலையை Link level to style என்ற இடத்தில் Heading 1-உடன் இணைத்து, எண்ணுக்கு முன்னால் ‘அலகு’ என்று தட்டுங்கள். இரண்டாம் நிலையை Heading 2-உடன் இணைத்து, எண் பாணியை 1, 2, 3 ஆக்கி, Include level number from வழியாக Level 1 எண்ணையும் ஒரு புள்ளியையும் அதற்கு முன்னால் சேருங்கள், 1.1 என்று வரவேண்டும். இனி ஓர் அலகை முழுசாக இடம் மாற்றினாலும் அதற்குள் இருக்கும் எண்கள் கூடவே மாறும்.

பழைய தட்டிய எண்ணை நீக்க, Find and Replace-இல் Use wildcards-ஐக் குறியிட்டு, Format வழியாக Heading 2 பாணியை மட்டும் தேர்ந்து, இதைத் தேடுங்கள். கடைசியில் ஓர் இடைவெளியும் தட்டவேண்டும்:

```
[0-9]@.[0-9]@ 
```

மாற்று இடத்தைக் காலியாக விடுங்கள். Replace All வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குங்கள். ‘1.5 மீட்டர் இடைவெளி’ என்று தலைப்புக்குள்ளேயே எண் இருந்தால் அதையும் விழுங்கிவிடும்.

ஈப்போ சாலை அண்ணன்: எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி ஒன்றாகச் சேர்த்தால் முடிந்ததே?

கோப்பு மட்டும்தான் ஒன்றாகும் அண்ணா. உள்ளே ஐந்து ‘படம் 1’ அப்படியே இருக்கும்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், பிரிக்பீல்ட்ஸ்: அலகு எண் அழகாக இருக்கலாம் அம்மா. ஆனால் மாணவர் கேட்பது ‘அஞ்சாவது வார நோட்ஸ்’தான். பாட அட்டவணையும் வாரக் கணக்கில்தான் இருக்கிறது. வார எண்ணே போதும்.

மாணவர் அப்படித்தான் கேட்பார் சார், அதில் மறுப்பில்லை. ஆனால் வாரம் நிற்கிற இடத்தில் நிற்பதில்லை. ஹரி ராயா ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் வருகிறது. இந்தச் செமஸ்டரில் 6ஆம் வாரத்தை விழுங்கிய விடுமுறை, அடுத்த ஆண்டு 4ஆம் வாரத்தில் வரும். தைப்பூசமும் தமிழ் மாதக் கணக்கில் நகரும். பினாங்கில் அன்று வகுப்பு கிடையாது. ‘வாரம் 6’ என்று தலைப்பிலேயே அச்சிட்டுவிட்டால், 7ஆம் வாரம் நடத்தும்போது தொகுப்பு பொய் சொல்லும்.

அதனால் தொகுப்புக்குள் அலகு எண் மட்டும். ‘இந்த வாரம் 2.3 முதல் 2.5 வரை’ என்று சொல்லும் வார அட்டவணை தனியாக ஒரே தாள், செமஸ்டருக்குச் செமஸ்டர் மாற்றிக்கொள்ளலாம்.

மீண்டும் அதே விரிவுரையாளர்: சனிக்கிழமை மட்டும் வரும் பகுதிநேர மாணவருக்கு முழுத் தொகுப்பைக் கொடுப்பதில்லை. அன்றைய தாளை மட்டும்தான் கொடுக்கிறோம். தனி அட்டவணையைத் தொலைத்துவிடுவார்கள். அவர்களுக்கு?

நீங்கள் சொல்வது சரியான சிக்கல் சார். பாகம் பாகமாகப் பிரித்துக் கொடுக்கும்போது அலகு எண் மட்டும் போதவில்லை என்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு முறை ஒவ்வொரு பாகத்துக்கும் முன்னால் தேதி எழுதிய வண்ணத்தாள் வைத்தோம். வேலை செய்தது, ஆனால் ஃபோட்டோஸ்டாட் கடையில் தாள்கள் இடம் மாறி இரண்டு கட்டு வீணாகின. இதற்கு நல்ல வழி என்னிடம் இன்னும் இல்லை.

சுங்கை பட்டாணி, தொழிற்பயிற்சி ஆசிரியர்: எங்களுடையது வயரிங் பாடம், வாரத்துக்கு ஒரு செய்முறை, 14 செய்முறை. வாரம்தான் சரி என்று நானும் நினைக்கிறேன்.

உங்களுக்கு அது சரி. செய்முறை 1 முதல் 14 வரை, ஒன்று முடித்தால்தான் அடுத்தது என்றால் அந்த எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைச் ‘செய்முறை 6’ என்று அழையுங்கள், ‘வாரம் 6’ வேண்டாம். விடுமுறை வந்தாலும் செய்முறை 6 செய்முறை 6தான்.

பட்டர்வொர்த் டீச்சர்: படம், பயிற்சி எண்களையும் அலகோடு சேர்க்கலாமா?

சேருங்கள். References பட்டியலில் Insert Caption, அதில் New Label கொடுத்து ‘பயிற்சி’ என்று ஒன்று உருவாக்குங்கள். Numbering-க்குள் Include chapter number-ஐக் குறியிடுங்கள். இடையில் புள்ளி வேண்டாம், சிறுகோடு போடுங்கள். உட்தலைப்பு 3.2, பயிற்சி 3-2. இரண்டுக்கும் புள்ளி போட்டால் ‘3.2 பாருங்கள்’ என்பது பாடமா பயிற்சியா என்று தெரியாது. அந்தச் சான்றிதழ் வகுப்பில் இதை நான் முதலில் கவனிக்கவில்லை. மாதிரிப் பிரதியைப் பார்த்து ஒரு மாணவிதான் கேட்டாள்.

அடுத்து, பத்திக்குள் ‘படம் 3-ஐப் பார்க்க’ என்று தட்டியிருப்பதெல்லாம் செத்த எண்கள். ‘பார்க்க’, ‘மேலே’, ‘முந்தைய தாளில்’, ‘சென்ற வாரம்’ என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அந்த 12 தாளில் ‘சென்ற வாரம் பார்த்தோம்’ மட்டும் பதினொரு இடத்தில் இருந்தது. எண் வரவேண்டிய இடத்தில் Cross-reference செருகுங்கள். முடிந்ததும் Ctrl+A, F9. அச்சுக்குப் போகும் முன் `Error!` என்று ஒரு முறை தேடுங்கள். எங்கோ நீக்கிய படத்தை யாரோ இன்னும் சுட்டிக்கொண்டிருந்தால் அங்கே அந்தச் சொல் நிற்கும்.

பெயர் சொல்லாதவர்: பொருளடக்கத்தில் பாதித் தலைப்பு வரவில்லை, ஏன்?

Navigation Pane-ஐப் பாருங்கள். செந்தூல் தம்பிக்குச் சொன்ன பதில்தான்.

ஜெலுத்தோங் தங்கை: 2001இல் எழுதிய தமிழ் நோட்ஸ். ஒட்டியதும் எழுத்தெல்லாம் குறிகளாகிவிட்டது.

பழைய குறியாக்கம். யுனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் தொகுப்பில் சேர்க்கவேண்டும் தங்கச்சி. எழுத்துருவை மட்டும் பொருத்தி ஒப்பேற்றினால் கண்ணுக்குத் தமிழ் தெரியும், ஆனால் தமிழில் தட்டித் தேடினால் ஒன்றும் கிடைக்காது, பொருளடக்கத்தில் அந்தத் தலைப்பு குப்பையாக வரும். மாற்றியபின் ஒரு பக்கத்தையாவது எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறும்.

கிள்ளான் அக்கா: நோட்ஸில் பாதி, பாடநூலிலிருந்து ஃபோட்டோஸ்டாட் எடுத்தது. அதற்கு எண் எப்படி?

எண்ணுக்கு முன்னால் அனுமதி. கல்லூரி நூலகரிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை.

இன்னொருவர்: உட்தலைப்பு எண்ணைக் கையால் தட்டினால் சீக்கிரம் முடியுமே?

தட்டாதீர்கள். ஓர் உட்தலைப்பு நடுவில் புகுந்தால் அதற்குப் பின்னால் வரும் அத்தனையையும் திருத்தவேண்டும். ஒன்றையாவது விட்டுவிடுவீர்கள்.

செந்தூல் தம்பி: அச்சடித்துக் கொடுத்தபிறகு புதுப் பயிற்சி ஒன்று சேர்க்கவேண்டுமே?

செமஸ்டர் நடுவில் என்றால் கடைசியில் சேருங்கள். அலகு 3இல் ஆறு பயிற்சி இருந்தால் புதியது 3-7. நடுவில் செருகினால் வேர்ட் மற்றதையெல்லாம் தானாக நகர்த்திவிடும். அப்போது வகுப்பில் பாதிப் பேர் கையில் ஒரு 3-4, மீதிப் பேர் கையில் வேறொரு 3-4. நடுவில்தான் வரவேண்டும் என்றால் அடுத்த பதிப்பு வரை காத்திருங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் ஆண்டும் இருக்கட்டும், அட்டையில் மட்டும் போட்டால் போதாது. சனிக்கிழமை மாணவரிடம் அட்டை இருக்காது.