பக்கம் புரட்டும் முன் மொத்தத்தை எழுதுங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் சிறு தேயிலை விவசாயிகள் குழுவுக்கு ரொக்கப் புத்தகம் நான்தான் எழுதுகிறேன் சார். பக்கம் முடிந்து அடுத்த பக்கம் போகும்போது மேலே மொத்தம் எழுத விட்டுப்போகிறது, சில நேரம் இரண்டு தடவை கூட்டிவிடுகிறேன். மாதக் கடைசியில் பெட்டியில் இருக்கும் பணத்துக்கும் புத்தகத்துக்கும் ஆயிரக்கணக்கில் இடிக்கிறது. எங்கே தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது, இனிமேல் விடாமல் இருக்க என்ன வழி?

பதில்: முதலில் ஒன்று. அச்சடித்து விற்கும் ரொக்கப் புத்தகங்கள் பலவற்றில் பக்கத்தின் தலையிலும் அடியிலும் இதற்கென்று ஒரு வரி கூட இருக்காது. தேதி, விவரம், வரவு, செலவு என்று கட்டம் மட்டும் போட்டுவிட்டு, மீதியை எழுதுகிறவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். அதனால் அந்த வரியை நீங்களேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும், அதுவும் பக்கம் நிரம்பிய பிறகு அல்ல, பக்கம் வெறுமையாக இருக்கும்போதே.

புதுப் பக்கம் எடுத்தவுடன் முதல் வரியில் "முன்பக்கம் 12-லிருந்து" என்றும், கடைசி வரியில் "அடுத்த பக்கத்துக்கு" என்றும் எழுதித் தொகைக்கு இடம் விட்டுவிடுங்கள். பத்து இருபது பக்கங்களுக்கு ஒரே மூச்சில் எழுதி வைத்தாலும் சரி. உரம், பிக்கப் வாடகை, சாக்கு, சந்தா என்று கணக்கு எழுதிக்கொண்டே வந்து கடைசி வரியைத் தொட்டதும் கை தானாக நிற்கும். அங்கே வரவுக்கு ஒரு மொத்தம், செலவுக்கு ஒரு மொத்தம். செலவுப் பக்கம் நாலு வரியோடு நின்றுவிட்டாலும் இரண்டு மொத்தமும் ஒரே வரியில்தான் வர வேண்டும். நடுவில் காலியாக இருக்கும் இடத்தில் ஒரு சாய்வுக் கோடு இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் யாராவது அங்கே ஒரு செலவைச் செருகலாம்.

அப்புறம்தான் பக்கம் புரட்டுவது. இரண்டு தொகையையும் அடுத்த பக்கத் தலையில் எழுதி, திரும்பப் பழைய பக்கத்துக்கு வந்து வாய்விட்டு இலக்கம் இலக்கமாகப் படித்து, இரண்டு இடத்திலும் ஒரு டிக் போடுங்கள். டிக் விழாத பக்கத்தில் அடுத்த கணக்கு எழுதுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் முடியும்போது தலையில் வந்த தொகையையும் சேர்த்துத்தான் அடியில் கூட்டுகிறீர்கள், ஆகவே முன்பக்க மொத்தத்தைத் தேடிப்போய் மறுபடி சேர்க்கக் கூடாது. நீங்கள் இரண்டு தடவை கூட்டுவது இந்த இடத்தில்தான்.

சரி, இப்போது தப்பு எங்கே என்று பிடிப்பது. ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். மாதத்தின் முதல் பக்கம் 12. ஆரம்ப இருப்பையும் சேர்த்து அதில் வரவு 48,650 ரூபாய், செலவு 31,275. பக்கம் 13-ல் மட்டும் வரவு 22,400, செலவு 26,180. சரியாகக் கொண்டுபோயிருந்தால் பக்கம் 13-ன் அடியில் வரவு 71,050, செலவு 57,455, பெட்டியில் இருக்க வேண்டியது 13,595.

தலைவரியில் வரவை எழுதிவிட்டுச் செலவை மறந்தீர்கள் என்றால் புத்தகம் 44,870 இருக்கிறது என்று சொல்லும். வித்தியாசம் 31,275, அதாவது பக்கம் 12-ன் செலவு அச்சு அசலாக. இரண்டையும் மறந்தால் 22,400-லிருந்து 26,180 போய் இருப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கிவிடும். கையில் இல்லாத ரொக்கத்தை யாரும் செலவு செய்ய முடியாது, ஆகவே ரொக்கப் புத்தகத்தில் இருப்பு மைனஸில் வந்தால் பூதக்கண்ணாடி வேண்டாம், நேராகப் பக்கத் தலைகளைப் பாருங்கள். 48,650-ஐ 46,850 என்று மாற்றி எழுதியிருந்தால் வித்தியாசம் 1,800. பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் மீதியில்லாமல் வகுபடும். வகுபட்டால் இதுவாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

ஆக, வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு எல்லா ரசீதையும் கொட்டிக் குவிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தின் அடித்தொகையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். இதைவிட உறுதியான சோதனையும் உண்டு. முன்பக்கத் தொகையைச் சேர்க்காமல், அந்தப் பக்கத்து வரவு செலவை மட்டும் தனியாகக் கூட்டி ஓரத்தில் பென்சிலால் குறித்து வாருங்கள். மாதக் கடைசியில் அந்தப் பென்சில் தொகைகளையெல்லாம் கூட்டினால் கடைசிப் பக்க மொத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் முதல் பக்கத்திலிருந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வந்து அந்தந்தப் பக்கத்து அடித்தொகையோடு ஒப்பிடுங்கள், எந்தப் பக்கத்தில் வழுக்கியது என்று தெரிந்துவிடும்.

மாதம் முடியும் இடம் மட்டும் வேறு மாதிரி. இதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மாதத்துக்குள் பக்கம் மாறினால் போவது மொத்தம், வரவும் செலவும் இரண்டும். மாதம் முடிந்து கணக்கை அடைத்தால் போவது இருப்பு, அது ஒன்று மட்டும். மேலே உள்ள கணக்கு பக்கம் 13-லேயே மாதத்தோடு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவுப் பக்கத்தில் "கடைசி இருப்பு 13,595" என்று எழுதினால் 57,455-ம் அதுவும் சேர்ந்து 71,050, இரண்டு பக்கமும் சமம். அடியில் இரட்டைக்கோடு. அடுத்த மாதம் வரவுப் பக்கத்தின் முதல் வரியில் "ஆரம்ப இருப்பு 13,595" மட்டும். 71,050 அங்கே வரவே கூடாது. பக்கமும் மாதமும் ஒரே வரியில் முடிகிறபோது, நீங்கள் முன்கூட்டி எழுதி வைத்த "அடுத்த பக்கத்துக்கு" என்ற வரியை ஒரு கோடு போட்டு அடித்துவிடுங்கள். அதை அப்படியே விட்டால் பழக்கதோஷத்தில் மொத்தத்தை எழுதிவிடுவீர்கள், அந்த வரவு செலவு முழுவதும் அடுத்த மாதத்துக் கணக்கிலும் ஏறிவிடும்.

உங்கள் ரொக்கப் புத்தகத்தைவிட எனக்குப் பெரிய கவலை உங்கள் உறுப்பினர்கள் கையில் இருக்கும் இலைப் புத்தகம். ஏஜென்ட் மூலம் பசுந்தேயிலை போடுகிறவர்கள் மாதக் கடைசியில் கடைசிப் பக்கத்து கிலோவைப் பார்த்துப் பணம் வாங்கிக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்தில் 412 கிலோ, அடுத்த பக்கத்தில் 187. தலைவரி காலி. 187-க்குத்தான் பணம். கேட்டால் "ஐயோ, விட்டுப்போச்சுண்ணே" என்பார் ஏஜென்ட். விட்டுப்போவது ஏனோ எப்போதும் ஒரே திசையில்தான் நடக்கிறது. மொத்தத்தைப் பென்சிலால் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பக்கம் மாறும் அன்றைக்கே பேனாவால் எழுதி வாங்கச் சொல்லுங்கள். துண்டுத் தாளில் எடை எழுதித் தருகிறவரிடம் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, பக்க எண் போட்ட புத்தகம் கேளுங்கள்.

இன்னொரு கூட்டம், "தணிக்கைக்கு முன்னால் புதுப் புத்தகத்தில் சுத்தமாக எழுதித் தருகிறேன்" என்று காசு கேட்டு வரும். எழுத விடாதீர்கள். அடித்தல் திருத்தல் இல்லாத புத்தகம்தான் நல்ல புத்தகம் என்று சில அதிகாரிகள் முகம் சுளிப்பதால்தான் இவர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது. அன்றன்றைக்கு எழுதிய பழைய புத்தகம்தான் உங்களுக்குச் சாட்சி. தப்பான மொத்தத்தின் மேல் ஒற்றைக் கோடு, பழைய இலக்கம் படிக்கும்படி இருக்கட்டும், மேலே சரியான தொகை, பக்கத்தில் உங்கள் சுருக்கக் கையெழுத்தும் தலைவருடையதும் தேதியோடு. ஒயிட்னர் கூடவே கூடாது. மாதம் அடைப்பதற்கு முன் கண்டுபிடித்தால் அந்தப் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒவ்வொரு மொத்தத்தையும் இப்படியே திருத்த வேண்டும். அடைத்துவிட்டீர்கள் என்றால் பழைய பக்கத்தைத் தொடாமல், இன்றைய தேதியில் "பக்கம் 13 தலைவரியில் விடுபட்ட செலவு மொத்தம் 31,275" என்று செலவில் ஒரு வரி எழுதி, அடுத்த குழுக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் பதிந்துகொள்ளுங்கள்.