ஒரே காடு, வேறு வேறு சுத்தியல்

சிம்பன்சிக் கூட்டத்துக்குக் கூட்டம் பழக்கம் மாறுவதைப் ‘பண்பாடு’ என்கிறார்கள். காடு மாறினால் பழக்கமும் மாறத்தானே செய்யும்?

பல நேரங்களில் அப்படித்தான். கரையானே இல்லாத இடத்தில் கரையான் பிடிக்கக் குச்சி எதற்கு? அதனால்தான் தொலைதூரக் காடுகளை ஒப்பிடுவதைவிட அக்கம்பக்கத்துக் கூட்டங்களை ஒப்பிடுவதை நான் அதிகம் நம்புகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில், ஐவரி கோஸ்ட் நாட்டில் ‘தாய்’ என்ற பெயருள்ள காட்டில் மூன்று கூட்டங்கள் அடுத்தடுத்த எல்லைகளில் வாழ்கின்றன. மூன்றும் கூலா என்ற மரத்தின் கொட்டையைத் தட்டி உடைத்துத் தின்கின்றன. கொட்டை ஒரு வேரின் மேல் அல்லது கல்லின் மேல் வைக்கப்படும். சுத்தியலாக ஒரு கல்லோ மரக்கட்டையோ பயன்படும். பருவத் தொடக்கத்தில் கூலா ஓடு மிகக் கடினமாக இருக்கும், கல்தான் வசதி. நாளாக ஆக, கொட்டை காய்ந்து எளிதில் உடையும். அப்போது மரக்கட்டையே போதும். காட்டில் கல் அரிது, கட்டை எங்கும் கிடக்கும். வடக்குக் கூட்டமும் கிழக்குக் கூட்டமும் பருவம் போகப் போகக் கட்டைக்கு மாறுகின்றன. தெற்குக் கூட்டம் மட்டும் கடைசி வரை கல்லையே தேடிப் பிடிக்கிறது. 2012இல் இதை வெளியிட்ட லிடியா லுன்ஸும் அவருடைய குழுவினரும், கொட்டையின் கடினத்தையும் ஒவ்வோர் எல்லைக்குள்ளும் கிடைக்கும் சுத்தியல்களையும் சேர்த்தே அளந்தார்கள். அவற்றால் இந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை.

அப்படியென்றால் மரபணு வேறுபாடாக இருக்கலாம் அல்லவா?

இந்த மூன்று கூட்டங்களைப் பொறுத்தவரை அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. பருவமடைந்த பெண் சிம்பன்சி பொதுவாகப் பிறந்த கூட்டத்தை விட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும். தலைமுறை தலைமுறையாக இப்படிக் கலப்பதால் அக்கம்பக்கக் கூட்டங்கள் உறவினர்கள்தான். வெளியிலிருந்து பெண்கள் வந்துகொண்டே இருந்தும் கூட்டத்தின் வழக்கம் கலைவதில்லை.

அம்மா சிம்பன்சி குட்டிக்குச் சொல்லிக்கொடுக்குமா?

பெரும்பாலும் இல்லை, குட்டிதான் பார்த்துக் கற்கிறது. கினி நாட்டின் பொசு கிராமத்தருகே வாழும் சிம்பன்சிகளிடம் இதை வருடக்கணக்கில் கவனித்திருக்கிறார்கள். ஒரு வயதுக் குட்டி கொட்டையைத் தனியாக உருட்டும், கல்லைத் தனியாகத் தொடும். பிறகு கல்லின் மேல் கொட்டையை வைத்து வெறுங்கையால் அடிக்கும். கீழே ஒரு கல், நடுவே கொட்டை, மேலே அடிக்கும் கல் என்று மூன்றும் சரியான வரிசையில் கூடிவர மூன்று முதல் ஐந்து வயது ஆகிவிடும். அந்த வருடங்கள் முழுவதும் தாய் தன் அருகே குட்டியை விட்டுவைக்கிறாள். உடைத்த பருப்பை அது எடுத்தாலும் பொறுத்துக்கொள்கிறாள். என் பார்வையில் இந்தப் பொறுமைதான் அவர்களின் பள்ளிக்கூடம்.

விதிவிலக்கும் உண்டு. ‘தாய்’ காட்டில் ஆய்வாளர் கிரிஸ்டோஃப் போஷ் ஒரு காட்சியைப் பதிவுசெய்தார். நீனா என்ற மகள் ஒழுங்கற்ற வடிவமுள்ள சுத்தியலை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் திணறிக்கொண்டிருந்தாள். தாய் ரிச்சி அருகில் வந்தாள், சுத்தியலை வாங்கினாள், மிக மெதுவாகத் திருப்பிச் சரியான நிலையில் பிடித்து, சில கொட்டைகளை உடைத்துக் காட்டினாள். அவள் நகர்ந்த பிறகு நீனாவும் அதே பிடியில் அடித்தாள். இப்படித் தெளிவாகத் திருத்திக்கொடுத்த காட்சிகள் மிகமிக அரிது. அதனால் இதை வைத்து ‘சிம்பன்சிகள் பாடம் நடத்துகின்றன’ என்று எழுதுவது தவறு.

கல்லும் கொட்டையும் கிடைத்தால் எந்தச் சிம்பன்சியும் தானே கண்டுபிடித்துவிடாதா?

இதுதான் இந்தத் துறையின் சூடான விவாதம். தனியாகவே கண்டுபிடிக்கக்கூடிய ஒன்று என்றால், ‘பார்த்துக் கற்றது’ என்ற வாதம் தளர்ந்துபோகும். காத்தலைன் கூப்ஸின் குழு அதைக் காட்டிலேயே சோதித்து, 2022இல் முடிவை வெளியிட்டது. பொசுவிலிருந்து சுமார் 6 கிலோமீட்டரில், நிம்பா மலையின் செரிங்பாரா பகுதியில் வாழும் சிம்பன்சிகள் கொட்டை உடைப்பதில்லை. அவற்றின் வழியில் செம்பனைக் கொட்டைகளையும் கற்களையும் வைத்துத் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தினார்கள். அடுத்துச் செம்பனைப் பழங்களையும் சேர்த்தார்கள். பிறகு, உள்ளே தின்னப் பருப்பு இருக்கிறது என்று தெரியட்டும் என, உடைத்த கொட்டைகளையே கல்லின் மேல் வைத்தார்கள். கடைசியாகக் கூலா கொட்டையும் வந்தது. சிம்பன்சிகள் வந்தன, பார்த்தன, போகப் போக ஆர்வம் இழந்தன. ஒன்றுகூட உடைக்கவில்லை.

ஆனால் இந்த முடிவை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டம் அந்தக் காலத்துக்குள் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் தெரிந்தது. எப்போதோ ஒரு சிம்பன்சி முதலில் உடைத்துத்தானே இருக்க வேண்டும்? அந்த முதல் கண்டுபிடிப்பு அரிது, பார்த்துப் பழகுவது எளிது என்று நான் வாசிக்கிறேன்.

இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது?

‘தாய்’ காட்டில் தோண்டியெடுத்த, சிம்பன்சிகள் கொட்டை உடைத்த கற்களுக்கு வயது சுமார் 4,300 ஆண்டுகள்.