இஎம்ஐக்கு மாற்றியும் கார்டு லிமிட் ஏன் திரும்பவில்லை?

"ஒரு லட்சம் லிமிட் உள்ள கிரெடிட் கார்டில் 60,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்கினேன். பிறகு வங்கி ஆப்பில் 15% வட்டிக்கு 12 மாத இஎம்ஐயாக மாற்றினேன். மாதம் 5,415 ரூபாய் என்றார்கள். ஆனால் முதல் பில் 5,785 வந்திருக்கிறது. செலவு செய்யக் கிடைக்கும் லிமிட்டோ 40,000-க்கும் கீழே நிற்கிறது. வங்கி தவறாகப் பிடித்துவிட்டதா?"

இல்லை, இரண்டு கணக்கும் சரிதான். கடைக்காரருக்கு வங்கி 60,000 ரூபாயையும் ஒரே தடவையில் கொடுத்துவிட்டது. இஎம்ஐக்கு மாற்றும்போது மாறுவது நீங்கள் திருப்பிக் கட்டும் விதம் மட்டுமே, கடன் குறைவதில்லை. கார்டு லிமிட் என்பது உங்களுக்கு வங்கி தரத் துணியும் மொத்தக் கடன். அதனால் பாக்கியுள்ள அசல் முழுவதும் அதற்குள்தான் உட்காரும்.

முதல் பில்லைப் பிரித்துப் பார்ப்போம். ஆண்டுக்கு 15% என்றால் மாதம் 1.25%. 60,000-க்கு முதல் மாத வட்டி 750 ரூபாய். இஎம்ஐ 5,415.50-இல் அதைக் கழித்தால் அசலுக்குப் போவது 4,665.50. வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு, அது 135 ரூபாய். இதை இஎம்ஐ தொகைக்குள் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள், பில்லில் தனி வரியாக வரும். அடுத்து பிராசசிங் கட்டணம். உங்கள் பில் தொகையை வைத்துப் பார்த்தால் அது 199 ரூபாயாக இருக்க வேண்டும். அதற்கு ஜிஎஸ்டி 35.82. எல்லாம் கூட்டினால் 5,785.32. பிராசசிங் கட்டணம் முதல் பில்லோடு முடிந்தது. வட்டியும் அதன் ஜிஎஸ்டியும் மாதாமாதம் குறையும். இரண்டாவது பில் 5,540 ரூபாய்தான் வர வேண்டும். வட்டியை மாற்றிய தேதியிலிருந்து நாள் கணக்கில் போடும் வங்கியானால் முதல் மாதத் தொகை சற்று முன்பின் இருக்கும்.

ஸ்டேட்மென்ட்டில் பலரைப் பதற வைப்பது வேறொன்று. ஃபிரிட்ஜ் வாங்கிய 60,000 பற்றாக ஒரு வரி, அதே 60,000 வரவாக இன்னொரு வரி, அதன் கீழே அசல், வட்டி, ஜிஎஸ்டி, கட்டணம் என்று தனித்தனியாக இருக்கும். வரவு வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் இருமுறை பிடிக்கவில்லை. ஜிஎஸ்டி சில பில்களில் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக 35.82 வரும், சிலவற்றில் 17.91 வீதம் இரண்டு வரியாக வரும். தொகை ஒன்றுதான்.

'நோ காஸ்ட்' என்று விற்கும் இஎம்ஐயிலும் இந்த வரிகள் வரும். வட்டிக்கு ஈடான தொகையைத் தள்ளுபடியாகக் கொடுத்திருப்பார்கள். பிராசசிங் கட்டணமும் வட்டி மீதான ஜிஎஸ்டியும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான். விளம்பரத்தில் இதைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள்.

இனி லிமிட். முதல் பில்லைக் கட்டும்வரை 60,000 அசலோடு வட்டி, வரி, கட்டணமும் சேர்ந்து 61,119.82 ரூபாய் லிமிட்டைப் பிடித்திருக்கும். உங்களுக்கு 38,880 மட்டும் தெரிவது அதனால்தான். 5,785.32-ஐக் கட்டியதும் 44,665 ஆகும். கட்டிய பணத்தில் அசலாகப் போன பகுதி மட்டுமே கடனைக் குறைக்கிறது. தொடக்கத்தில் வட்டி அதிகம் என்பதால், ஆறு தவணை கட்டிய பிறகும் 31,117 ரூபாய் அடைபட்டிருக்கும், பாதிக்கும் சற்று மேலே.

லிமிட் அவசரமாகத் தேவை என்று கார்டில் 30,000 ரூபாய் கூடுதலாகப் போட்டால் இஎம்ஐ முடியாது. அந்தப் பணம் வரவு இருப்பாக நிற்கும், அடுத்தடுத்த பில்களில் கழியும், வட்டி மட்டும் பழையபடி ஓடும். முன்கூட்டியே முடிக்க வேண்டும் என்று வங்கியிடம் தனியாகக் கோர வேண்டும். ஆறாவது தவணைக்குப் பிறகு முடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி அசலில் 3% கட்டணம் என்றால் ஜிஎஸ்டியோடு சுமார் 1,100 ரூபாய். மிச்சமாகும் வட்டியும் வரியும் சுமார் 1,620. லாபம் ஐநூறு ரூபாய்தான். லிமிட் உண்மையிலேயே தேவையென்றால் செய்யலாம்.

பில் வந்த பிறகு இஎம்ஐக்கு மாற்றுபவர்கள் ஆட்டோ பே வைத்திருந்தால் கவனம். பில்லில் ஏற்கெனவே முழுத் தொகை இருப்பதால் வங்கிக் கணக்கிலிருந்து 60,000-மும் போய்விடக்கூடும். எவ்வளவு கட்ட வேண்டும் என்று கடைசித் தேதிக்கு முன் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அசல், வட்டி, தள்ளுபடி ஆகியவற்றை மாற்றும் முன்பே தெளிவாகக் காட்ட வேண்டும், பில்லிலும் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்பது 2022-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதி. எனவே மாற்றும்போது ஆப்பில் தெரியும் திரையைப் படமெடுத்து வையுங்கள். பில்லில் வேறு தொகை வந்தால் அதைக் காட்டி வங்கியில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.