"வந்துரும் சார், டென்ஷன் ஆகாதீங்க" என்ற வரியை என்ன செய்வது?

கேள்வி: எங்க கால் சென்டர் டீம்ல ஆளாளுக்கு ஒரு மாதிரி கொச்சையா பேசறாங்க, ஸ்கிரிப்ட்டும் அப்படித்தான் இருக்கு. எல்லாரும் ஒரே மாதிரி, மரியாதையா பேசற வரிகளா இதை எப்படி மாத்தறது?

அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடுவதும், புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும்தான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஸ்கிரிப்ட் ஃபைலை முதலில் திறக்காதீர்கள். ஃபைலில் இருப்பது ஒன்று, ஹெட்செட்டில் பேசப்படுவது வேறொன்று. பதிவான அழைப்புகளிலிருந்து தொடங்குங்கள். பழைய ஆள், புது ஆள், நன்றாகப் பேசுபவர், புகார் வாங்குபவர் என்று கலந்து ஒரு முப்பது அழைப்பு எடுத்தால் போதும். அதற்குள்ளேயே அதே வரிகள் திரும்பத் திரும்ப வர ஆரம்பித்துவிடும்.

காதில் விழும் வரிகளை யார் சொன்னார்கள் என்று பார்த்துப் பிரிக்காமல், அழைப்பின் எந்தக் கட்டத்தில் சொன்னார்கள் என்று பிரியுங்கள். வணக்கம் சொல்வது, ஆளைச் சரிபார்ப்பது, ஹோல்டில் போடுவது, காலக்கெடு சொல்வது, முடியாது என்பது, வேறு பிரிவுக்கு மாற்றுவது, முடிப்பது. இப்படி அடுக்கினால் ஒரே கட்டத்துக்கு ஏழெட்டு விதமாகப் பேசுவது கண்ணுக்குத் தெரியும். வணக்கத்திலும் முடிப்பதிலும் பெரிய வேலை இருக்காது, அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். சிக்கல் எல்லாம் காலக்கெடு, ஹோல்டு, மறுப்பு ஆகிய மூன்றில்தான் இருக்கும்.

காலக்கெடுவையே எடுத்துக்கொள்வோம். பணம் திரும்ப வரவில்லை என்று ஒருவர் கேட்கிறார். பதில்: "அதெல்லாம் பேக் எண்ட்ல பாத்துப்பாங்க, வந்துரும் சார், டென்ஷன் ஆகாதீங்க." இதைத் திருத்தச் சொன்னால் பெரும்பாலான டீம் லீடர்கள் இப்படி எழுதித் தருவார்கள்: "தங்கள் கோரிக்கை சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. விரைவில் தீர்வு காணப்படும். தயவுசெய்து பொறுமை காக்கவும்." கொச்சை போய்விட்டது. ஆனால் முதல் வரியில் இல்லாத எதுவும் இதிலும் இல்லை. "சரிங்க, எப்போ வரும்?" என்று வாடிக்கையாளர் அடுத்து கேட்டவுடன் ஏஜென்ட்டிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. "வந்துரும் சார்" என்று பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார்.

கொச்சை அங்கே ஓட்டையை அடைக்கத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே வார்த்தையைத் தொடுவதற்கு முன் அந்த வரியிடம் நான்கு கேள்வி கேளுங்கள். இதுவரை என்ன நடந்திருக்கிறது? இப்போது யார் கையில் இருக்கிறது? எந்தத் தேதிக்குள் முடியும்? முடியாவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும்? திரையைப் பார்த்தால் பாதி பதில் அங்கேயே இருக்கும். 4ஆம் தேதி திங்கட்கிழமை பணம் அனுப்பப்பட்டிருக்கிறது, வங்கிக்கு 7 வேலை நாள் வரை ஆகும், ஒரு ரெஃபரன்ஸ் நம்பரும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வரி இப்படி ஆகும்:

"உங்க ரீஃபண்ட் 4ஆம் தேதி எங்க பக்கத்துல இருந்து அனுப்பியாச்சு. இப்போ பேங்க்ல இருக்கு. அவங்க கணக்குல ஏத்த 7 வேலை நாள் வரைக்கும் எடுத்துக்குவாங்க, அதனால 13ஆம் தேதி புதன்கிழமைக்குள்ள வந்துடணும். ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் தர்றேன், அன்னைக்கும் வரலைன்னா அதைச் சொல்லி பேங்க்ல கேட்கலாம். குறிச்சுக்கறீங்களா?"

வேலை நாளைத் தேதியாக மாற்றிச் சொல்வது ஏஜென்ட்டின் பொறுப்பு என்று ஸ்கிரிப்ட்டிலேயே எழுதிவிடுங்கள். "7 வேலை நாள்" என்று மட்டும் சொன்னால், நடுவில் வரும் சனி, ஞாயிறு அவர் கணக்கில் இருக்காது. 11ஆம் தேதியே மறுபடி கூப்பிடுவார், கோபமாகவும் இருப்பார். "டென்ஷன் ஆகாதீங்க" என்பதற்கு மாற்று வரி தேட வேண்டாம், எடுத்துவிடுங்கள். தேதி தெரிந்தவருக்கு அது தேவைப்படாது, தெரியாதவருக்கு அது எரிச்சலைத்தான் தரும்.

சில சமயம் தேதி யாருக்குமே தெரியாது. கணக்குப் பிரிவிடம் கேட்டாலும் "பார்த்துச் சொல்றோம்" என்பார்கள். அங்கே தேதி இருப்பது போல எழுதக் கூடாது. வேலை முடியும் நாளுக்குப் பதிலாக, தகவல் தரும் நாளைச் சொல்லலாம்: "எப்போ முடியும்னு இப்போ என்னால உறுதியா சொல்ல முடியல. வியாழக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குள்ள நிலவரம் என்னன்னு உங்களுக்கு மெசேஜ் வரும்." அந்த மெசேஜை அனுப்பப் போகும் ஆள் யார் என்று முடிவான பிறகுதான் இந்த வரி ஸ்கிரிப்ட்டில் ஏற வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதுபவர் பாதி நேரம் மற்ற பிரிவுகளின் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும். எழுதுவது அதில் சின்ன வேலை.

அடுத்தது ஹோல்டு. "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு மியூட்டைத் தட்டுவதுதான் வழக்கம். அந்த ஒரு நிமிஷம் மூன்று நிமிஷம் ஆகும். மியூட்டில் இசையும் இருக்காது என்பதால், லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து எதிர்முனையில் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். பதிவைக் கேட்டால் பாவமாக இருக்கும். நல்ல வரிக்குள் காரணம், நேரம், சம்மதம் மூன்றும் இருக்க வேண்டும்: "உங்க ஆர்டர் எங்க இருக்குன்னு கிடங்குல கேட்கணும், ரெண்டு நிமிஷம் ஆகும். ஹோல்டுல இருக்கீங்களா, இல்ல நான் திரும்பக் கூப்பிடட்டுமா?" உங்கள் சென்டரிலிருந்து வெளியே கூப்பிடும் வசதி இல்லையென்றால் கடைசிப் பாதியை வெட்டிவிடுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சம்மதம் கேட்டுவிட்டு, "சரி" வருவதற்குள் ஹோல்டு பட்டனை அழுத்திவிடுவார்கள். "இருக்கீங்களா" என்ற சொல்லின் வால் அறுந்து இசை தொடங்கும். அப்படிக் கேட்டதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாம். அதனால் வரிக்குக் கீழே "பதில் வரும்வரை காத்திரு" என்று தனியாக எழுதி வையுங்கள். சொன்ன இரண்டு நிமிஷத்தில் வேலை முடியாவிட்டாலும் திரும்பி வந்து, "இன்னும் பதில் வரலைங்க, இன்னொரு ரெண்டு நிமிஷம் ஆகும், பரவாயில்லையா?" என்று கேட்க வேண்டும். முடிந்து வரும்போது "காத்திருந்ததுக்கு நன்றி" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்குப் போய்விடலாம்.

மறுப்பு வரியில் "முடியாது" என்பதை ஒளித்து வைக்காதீர்கள். "அதுக்கு ஆப்ஷன் இல்ல சார்" என்பதை "தங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்கிறோம்" என்று மாற்றினால் அது மரியாதை அல்ல, ஏமாற்று. "பிரிச்ச பெட்டியைத் திரும்ப எடுத்துக்க முடியாதுங்க. பொருள்ல பழுது இருந்தா மாத்தித் தர முடியும். பழுது ஏதாவது இருக்கா?" என்பது தெளிவாகவும் இருக்கிறது, அடுத்த வழியையும் காட்டுகிறது.

"சார்", "மேடம்", "அண்ணா", "பாஸ்" இவற்றில் எதை வைப்பது என்று டீமில் ஒரு சண்டையே நடக்கும். என் கருத்து, எதுவுமே கட்டாயம் இல்லை. குரலை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகிப்பது அடிக்கடி தப்பாகப் போகும், போனால் அந்த அழைப்பு மீளாது. வினைச்சொல்லின் முடிவில் வரும் "ங்க" போதுமான மரியாதையைச் சுமந்துவிடுகிறது. ஆளைச் சரிபார்த்த பிறகு பெயரை ஒரு தடவை சொன்னால் போதும். அதேபோல், "பேரு? நம்பர்?" என்ற ஒற்றைச் சொல் கேள்விகளை "உங்க பேர் சொல்றீங்களா?" என்று முழுக் கேள்வியாக்கினாலே பேச்சின் தொனி மாறிவிடும். ஆனால் எல்லாவற்றையும் கேள்வியாக்கக் கிளம்பிவிடாதீர்கள். "ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்க, எங்களுக்கும் சொல்ல வேண்டாம்" என்பது நேரடியாகத்தான் இருக்க வேண்டும். அங்கே குழைந்தால் பாதுகாப்பு போய்விடும்.

ஸ்கிரிப்ட்டை எப்படிப் பேச வேண்டுமோ அப்படியே எழுதுங்கள். "இருக்கின்றீர்களா" என்று எழுதிக் கொடுத்தால், புதியவர் அதை அப்படியே வாசிப்பார், பதிவு செய்த குரல் மாதிரி ஒலிக்கும். "சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்பதும் அந்த ரகம்தான். "இத்தனை நாள் பணம் வராம இருந்ததுக்கு மன்னிச்சுக்கங்க" என்று எதற்காக மன்னிப்பு கேட்கிறோம் என்பதைச் சொன்னால் ஒரு தடவை போதும். ரீஃபண்ட், டெலிவரி, ஓடிபி போன்ற சொற்களை வாடிக்கையாளரே பயன்படுத்துகிறார். அவற்றைத் தமிழாக்கப் போனால் "அப்படின்னா என்ன?" என்று அவர் திருப்பிக் கேட்பார்.

எல்லா வரியும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அழைப்பு பதிவாகிறது என்ற அறிவிப்பு, ஆளைச் சரிபார்க்கும் கேள்விகள், கட்டணம், ரத்து நிபந்தனை இவை மட்டும் எழுத்து மாறாமல் இருக்கட்டும். மற்றதில் என்ன சொல்ல வேண்டும், எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்பது மாறாமல் இருந்தால் போதும். மதிப்பெண் தாளையும் அதற்கேற்ப மாற்றுங்கள். ஹோல்டுக்கு "காரணம் சொன்னாரா, நேரம் சொன்னாரா, பதிலுக்குக் காத்திருந்தாரா" என்று கேளுங்கள். "ஸ்கிரிப்ட்டில் உள்ளபடி சொன்னாரா" என்று தாள் கேட்டால், மதிப்பெண்ணுக்காக எல்லோரும் ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை. டீமில் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஒருவரிடம் புது வரியைக் கொடுங்கள், இன்னொருவர் கோபக்கார வாடிக்கையாளராக உட்கார்ந்து "எப்போ வரும்?" என்று மூன்று தடவை விடாமல் கேட்கட்டும். மூன்றாவது தடவை "வந்துரும் சார்" என்று வாயில் வந்துவிட்டால், வரியில் இன்னும் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அழைப்பு நீளும், சராசரி நேரம் ஏறும் என்று மேலே இருந்து ஆட்சேபம் வரலாம். நீளும்தான், சில நொடிகள். அதே ஆள் அதே விஷயத்துக்கு மறுபடி கூப்பிடுவது குறைகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

புது வரிகளைக் கொடுக்கும் அன்றே மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பழைய சீட்டுகளைக் கிழித்துவிடுங்கள், புதுத் தாளில் தேதி போடுங்கள், மாற்றும் உரிமையை ஒருவரிடம் மட்டும் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி பதிவுகளைக் கேளுங்கள். ஒரே ஒருவர் மட்டும் ஒரு வரியை மாற்றிப் பேசினால் அவரிடம் பேசுங்கள். டீமே அதை ஒரே மாதிரி மாற்றிப் பேசினால், பெரும்பாலும் அவர்கள் சொல்வதுதான் வாயில் நன்றாக வருகிறது என்று அர்த்தம். அதில் தேதியோ சம்மதமோ விடுபடவில்லை என்றால் ஸ்கிரிப்ட்டை அவர்கள் வழிக்கே திருத்திவிடுங்கள்.