தணிக்கை நிலுவைகளோடு ஒரு நன்றி மடல்

கேள்வி: ஆண்டுக் கணக்குத் தணிக்கை பெரும்பாலும் முடிந்துவிட்டது. குழுவுக்கு நன்றி சொல்லும் மடலிலேயே எவை தீர்ந்தன, எவை நிலுவை என்றும் எழுதலாமா?

எழுதலாம். ஆனால் "தீர்ந்தவை" என்பதைத் தணிக்கையாளரின் பட்டியலைப் பார்த்து எழுதுங்கள். நம் பட்டியலில் "கொடுத்தாயிற்று" என்று இருப்பதை அவர்கள் இன்னும் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில், வாடிக்கையாளர்களிடம் அவர்களின் பாக்கித் தொகை சரிதானா என்று கேட்டுத் தணிக்கையாளர்கள் உறுதிக் கடிதம் அனுப்பினார்கள். பதில் நேராக அவர்களுக்கே போக வேண்டும். நம் கை வழியாகப் போனால் மதிப்புக் குறைவு. மூன்று வாடிக்கையாளர்கள் பதிலே போடவில்லை. அப்படியானால் மாற்றுவழிச் சோதனைதான். ஆண்டு முடிந்தபின் இருவரிடமிருந்து பணம் வந்திருந்ததை வங்கி அறிக்கை காட்டியது; அவை தீர்ந்தன. மூன்றாமவரின் டெலிவரி சலானைக் கிடங்கில் தேடி எடுத்தார்கள். சரக்கு ஆண்டின் கடைசி நாளில் புறப்பட்டிருக்கிறது, பெற்றுக்கொண்ட முத்திரையோ புத்தாண்டுக் கணக்கில் விழுகிறது. விற்பனை எந்த ஆண்டுக்கு?

மேலாளர் "பாக்கிகள் அனைத்தும் சரி" என்று எழுதச் சொன்னார். நான் மறுத்து இப்படி எழுதினேன்:

"பதில் வராத மூன்றில் இரண்டைத் தணிக்கையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவதில், விற்பனை எந்த ஆண்டைச் சேரும் என்பது முடிவாகவில்லை. சரக்கின் பொறுப்பு எப்போது கைமாறுகிறது என்று சொல்லும் ஒப்பந்தப் பக்கத்தை விற்பனைப் பிரிவு வியாழனுக்குள் தர வேண்டும். அதுவரை அந்தப் பதிவை யாரும் திருத்த வேண்டாம்."

கடைசி வாக்கியம் மிக அவசியம். உதவுவதாக நினைத்து யாராவது பதிவை மாற்றிவிட்டால், தணிக்கையாளரிடம் உள்ள, கணக்கு இருப்புகளின் பட்டியலான இருப்பாய்வும் நம் ஏடும் பொருந்தாமல் போகும். முடிந்த வேலையும் மறுபடி திறக்கும்.

"இது நன்றி மடலா, நோட்டீஸா?" என்று சிலர் கேட்பீர்கள். நன்றியை முதல் பத்தியிலேயே, யார் எதைச் செய்தார் என்று சொல்லி எழுதிவிட்டால் அந்தக் குறை வராது. "அனைவருக்கும் நன்றி" என்பதை யாரும் தமக்கென்று எடுத்துக்கொள்வதில்லை. அறிக்கையில் கையெழுத்தாகும் முன் "தணிக்கை முடிந்தது" என்றும் எழுதாதீர்கள். ஆண்டு முடிவுக்குப் பிந்தைய நிகழ்வுகள் பற்றிய விசாரணையும் நிர்வாகத்தின் உறுதிமொழிக் கடிதமும் கடைசியில்தான் வரும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சலானைத் தேடி எடுத்த கிடங்கு ஊழியர்களுக்கு அலுவலக மின்னஞ்சலே கிடையாது. மடலை அச்செடுத்து அங்கே ஒட்டச் சொன்னதற்கு, "உள் விவகாரம், வெளியே தெரியக்கூடாது" என்றார்கள். கிடங்கு எப்போதிலிருந்து வெளியானது என்று எனக்கு விளங்கவில்லை. நன்றிப் பத்தியை மட்டும் வெட்டி அச்செடுத்து நானே ஒட்டினேன்.